நோட்டுக் கோடு மட்டும் போக வேண்டும், எழுத்து நிற்க வேண்டும்: ஸ்கேன் செய்த பக்கத்தை அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்வது

கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிய பக்கத்தை ஸ்கேன் செய்து, கோடுகளை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுதியதுபோல் தரும்படி கேட்டு எங்கள் டிடிபி கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பாட்டு வாத்தியார், டியூஷன் எடுப்பவர், அப்பாவின் கவிதையைப் புத்தகமாக்க நினைப்பவர் என்று ஆள் மாறுகிறாரே தவிர, கோளாறு மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்று. படத்தைத் திறந்து 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓர் எழுத்து கோட்டைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். கோட்டுக்கும் மைக்கும் நிறத்தில் வேறுபாடு தெரிந்தால் வேலை ஐந்து நிமிடம். நிறம் ஒன்றாக இருந்து, மை மட்டும் கருமையாக இருந்தால் அரை மணி நேரம். இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் முதல் தலைப்பைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். எந்த நிலையிலும் முதல் ஸ்கேனை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். கடைசியில் அது தேவைப்படும்.

## கோடும் எழுத்தும் ஒரே கறுப்பாக வந்திருக்கின்றன

பெரும்பாலும் இது நோட்டின் கோளாறு அல்ல, ஸ்கேன் எடுத்த விதத்தின் கோளாறு. ஃபோனில் உள்ள சில ஸ்கேன் ஆப்கள் படம் எடுத்த உடனே தாமாக ஒரு கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டுவிடுகின்றன. வெளிர்நீலக் கோடுகூட அதில் கறுப்பாகிவிடும். அப்படிப் போன நிறத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. ஆப்பில் ஃபில்டரை `Original` என்று மாற்றி மறுபடி சேமித்துப் பாருங்கள். பல ஆப்கள் முதலில் எடுத்த படத்தை உள்ளே வைத்திருக்கும், நோட்டை மறுபடி கையில் எடுக்கவே வேண்டியிருக்காது.

ஸ்கேனரில் எடுத்ததென்றால், டெக்ஸ்ட் அல்லது கறுப்பு வெள்ளை என்று இருந்ததைக் கலராக மாற்றி, 300 டிபிஐ வைத்து மறுபடி எடுங்கள். முடிவில் கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும் என்றாலும் ஸ்கேன் கலரில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கோட்டை மையிலிருந்து பிரிக்க நமக்கு இருக்கும் ஒரே சுலபமான பிடி அந்த நிறம்தான். படத்தை PNG அல்லது TIFF ஆகச் சேமியுங்கள். JPEG நிறத்தைப் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சுருக்கும் வழக்கமுள்ளது, அதனால் மை கோட்டைத் தாண்டும் இடத்தில் நீலம் எழுத்துக்குள் கசிந்துவிடும். வாட்ஸப்பில் வருவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நோட்டு இப்போது கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, கறுப்பு வெள்ளை PDF மட்டும்தான் இருக்கிறது என்றால், கீழே “எழுத்து உடைகிறது” என்ற தலைப்புக்குப் போங்கள். அது கடினமான வழி.

## நீலக் கோடு, சிவப்பு மார்ஜின், கறுப்பு மை: எதைச் செய்தாலும் கோட்டின் சாயல் நிற்கிறது

வழக்கமாக ஆட்கள் செய்வது, படத்தைக் கிரேஸ்கேல் ஆக்கிவிட்டுக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவது. சாதாரண கிரேஸ்கேல் மூன்று சானலையும் கலந்து ஒரு சராசரி எடுப்பதால் நீலக் கோடும் சிவப்பு மார்ஜினும் சாம்பலாக மாறி நின்றுவிடுகின்றன. நமக்கு வேண்டியது சராசரி அல்ல. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது மிகப் பெரிய எண்ணோ அதை மட்டும் எடுக்க வேண்டும்.

கலர் பிக்கரால் தொட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். சாதாரண நோட்டில் தாள் ஏறத்தாழ 245, 243, 238 என்று இருக்கும். நீலக் கோடு 170, 200, 230 அளவில் வரும். மார்ஜின் 235, 160, 170. கறுப்புப் பேனா மை 50, 50, 55. ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணை எடுத்தால் தாள் 245, கோடு 230, மார்ஜின் 235, மை 55. கோடும் மார்ஜினும் தாளோடு தாளாகப் போய்விட்டன, மை மட்டும் தனியே நிற்கிறது.

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் `Colors > Desaturate > Desaturate` போய் `Value (HSV)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதுதான் நடக்கும். பிறகு `Colors > Levels` திறந்து வெள்ளை முனையை 215-க்கும் கறுப்பு முனையை 60-க்கும் இழுங்கள். பக்கங்கள் நிறைய இருந்தால், கட்டளை கொடுத்துப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் ஒரே வரியில் முடித்துவிடும்:

```
magick page.png -colorspace HSB -channel B -separate +channel -level 24%,84% clean.png
```

கோடு இன்னும் லேசாகத் தெரிந்தால் 84-ஐ 80 ஆக்குங்கள். 75-க்குக் கீழே போகத் தேவைப்படுகிறது என்றால் காரணம் வேறு. ஸ்கேன் இருட்டாக இருக்கிறது, அல்லது தாள் மஞ்சளாகிவிட்டது. அதற்குக் கீழே “பக்கத்தின் ஒரு பாதியில் கோடு போகிறது” என்ற தலைப்பைப் பாருங்கள்.

## மேலே சொன்னதைச் செய்தால் ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தமும் போய்விடுகிறது

ஆமாம், போகத்தான் செய்யும். சிவப்பு மார்ஜினை அழிக்கும் அதே கணக்குதான் சிவப்பு மையையும் அழிக்கிறது. திருத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு இது வசதி.

வேண்டும் என்றால் `Value`-க்குப் பதிலாக நீலச் சானலை மட்டும் எடுங்கள். கிம்ப்பில் `Colors > Components > Extract Component` போய் `RGB Blue`. நீலக் கோடு அதிலும் வெளுத்துவிடும், சிவப்பு மை கறுப்பாக நிற்கும். மார்ஜினும் கூடவே நிற்கும். அது ஒரே ஒரு செங்குத்துக் கோடு, பக்கம் நேராக இருந்தால் ஒரு செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து வெள்ளை ஊற்றினால் முடிந்தது. மார்ஜினைத் தாண்டி எழுதியிருக்கும் இடங்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். நாலு கோடு நோட்டில் சிவப்புக் கோடுகள் எழுத்துக்குள்ளேயே ஓடுவதால் இந்த வழி அங்கே செல்லாது.

## நீல மை, நீலக் கோடு: எழுத்தும் சேர்ந்து வெளுக்கிறது

கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த வகைதான், நம் ஊரில் நீலப் பேனாவே அதிகம். `Value` எடுத்ததும் எழுத்து பரிதாபமாக வெளுத்திருப்பதைப் பார்த்து உடனே `Undo` செய்துவிட்டுச் சிவப்புச் சானலுக்குப் போகிறார்கள். சிவப்பில் எழுத்து நல்ல கறுப்பாகத் தெரியும், ஆனால் கோடும் கூடவே கறுக்கும். அங்கிருந்து கோட்டைத் துரத்த வெள்ளை முனையை இழுத்தால் எழுத்தின் ஓரம் அரிக்கப்பட்டு, மெல்லிய இழுப்புகள் காணாமல் போகும்.

வெளுத்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீலப் பால்பாயின்ட் மை 50, 65, 140 என்று வைத்துக்கொள்வோம். `Value`-இல் மை 140, கோடு 230, தாள் 245. தாளிலிருந்து மை 105 படி கீழே இருக்கிறது, கோடு வெறும் 15 படி. சிவப்புச் சானலில் மை 50, கோடு 170, தாள் 245. மை 195 படி கீழே, கோடோ 75 படி. கோட்டுக்கும் மைக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம், கண்ணுக்குத் தெரியும் கருமை அல்ல. ஆகவே `Value`-இலேயே நின்று, `Levels`-இல் கறுப்பு முனையை 140 வரைக்கும் தைரியமாக இழுங்கள். எழுத்து மறுபடி கறுத்துவிடும். மேலே உள்ள கட்டளையில் `24%` என்பதை `55%` ஆக மாற்றினால் அதே வேலை.

நிஜமாகவே தோற்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் கரையும் பவுண்டன் பேனா நீலமும் வெளிர்நீல ஜெல் மையும் `Value`-இல் 200-ஐத் தொட்டுவிடும். அப்போது கோட்டுக்கும் மைக்கும் இடைவெளி 30 படிதான், தாளின் சொரசொரப்பே அந்த அளவுக்கு ஏறி இறங்கும். இங்கே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கான பைத்தான் நிரல் கீழே வருகிறது.

பென்சில் எழுத்து பலர் நினைப்பதைவிடச் சுலபம். அது சாம்பல் நிறம், அதாவது மூன்று சானலிலும் ஏறத்தாழ ஒரே எண். `Value` எடுத்தாலும் அது வெளுக்காது. கறுப்பு முனையை மட்டும் 120 சுற்றி வையுங்கள்.

## பக்கத்தின் ஒரு பாதியில் கோடு போகிறது, மறு பாதியில் நிற்கிறது

வெளிச்சம்தான் காரணம். ஃபோனில் எடுத்த படத்தில் கையின் நிழல், ஸ்கேனரில் எடுத்ததில் தையல் பக்கம் தாள் எழும்பியதால் வந்த இருட்டு. ஒரு மூலையில் தாள் 245, மறு மூலையில் 190 என்றால் ஒரே `Levels` எண் இரண்டுக்கும் பொருந்தாது.

முதலில் செலவில்லாத வழி. நோட்டின் மேல் ஒரு கண்ணாடிப் பலகை வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி மறுபடி எடுங்கள். அது முடியாதென்றால் படத்தை அதன் மங்கலாக்கிய நகலால் வகுக்க வேண்டும். மங்கலான நகலில் எழுத்து கரைந்து, நிழல் மட்டும்தான் மிஞ்சும். அதால் வகுத்தால் நிழல் போய்விடும்.

```
magick page.png \( +clone -blur 0x40 \) -compose Divide_Src -composite flat.png
```

விண்டோஸில் அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள சாய்கோடுகளை எடுத்துவிடுங்கள். கிம்ப்பில் செய்ய, லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு `Gaussian Blur` 40 கொடுத்து, லேயர் மோடை `Divide` ஆக்கினால் போதும். இது ஒவ்வொரு சானலையும் தனித்தனியே வகுப்பதால் பழைய நோட்டின் மஞ்சளும் கூடவே போய்விடும். இதற்குப் பிறகுதான் `Value`, அதற்குப் பிறகு `Levels`. வரிசையை மாற்றிச் செய்தால் பலன் பாதிதான்.

எழுத்து நெருக்கமாக உள்ள இடங்களைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் மங்கல் போதவில்லை, 40-ஐ 80 ஆக்குங்கள்.

## பின்பக்க எழுத்து நிழலாட்டமாகத் தெரிகிறது

தாள் மெலிது. பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரைச் செருகி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளை மூடி ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கம் தெரிகிறது. கறுப்புத் தாள் வைத்தால் பக்கம் மொத்தமும் கொஞ்சம் மங்கும், அதை `Levels` பார்த்துக்கொள்ளும். மையே மறுபக்கம் ஊறி வந்திருந்தால் இது உதவாது.

## கோடு போனது, ஆனால் எழுத்து உடைகிறது

நிறத்தால் பிரிக்க முடியாதவர்கள் வந்து சேரும் இடம் இது. படம் கிரேஸ்கேலாகவோ கறுப்பு வெள்ளையாகவோ இருக்கிறது. நாம் செய்யப்போவது, கிடையாக நீளமாக ஓடும் எதையும் கோடு என்று கருதி எடுப்பது. பைத்தானும், அதில் படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகமும் வேண்டும்.

```python
import cv2, numpy as np
g = cv2.imread("straight.png", 0)
bw = cv2.adaptiveThreshold(255 - g, 255,
     cv2.ADAPTIVE_THRESH_MEAN_C, cv2.THRESH_BINARY, 51, -10)
L = 80
lines = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, np.ones((1, L), np.uint8))
lines = cv2.dilate(lines, np.ones((3, 1), np.uint8))
lines[g < 110] = 0
g[lines > 0] = 255
cv2.imwrite("clean.png", g)
```

`straight.png` என்பது சாய்வு நீக்கி நேராக்கிய பக்கம், நேராக்கும் கட்டளை “கோடு துண்டுதுண்டாக மிஞ்சுகிறது” என்ற தலைப்பில் இருக்கிறது. நிரலில் நீங்கள் தொட வேண்டிய எண்கள் இரண்டுதான்: `L`, பிறகு 110.

`L` என்பது எத்தனை பிக்சல் தொடர்ந்து ஓடினால் அது கோடு என்ற அளவு. 300 டிபிஐயில் 80 பிக்சல் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். இதைக் குறைத்தால் தமிழ் எழுத்துக்குத்தான் முதல் அடி. நம் எழுத்தில் ட, ப, ம, ய எல்லாவற்றுக்கும் தட்டையான அடி உண்டு, அந்த அடியும் பெரும்பாலும் நோட்டுக் கோட்டின் மேலேயே உட்காரும். `L` 30 என்று வைத்தால் ட வெறும் குச்சியாகும், ப இரண்டு குச்சிகளாகும். விடை கிடைத்த பக்கத்தில் ப-வின் அடி காணவில்லையா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

110 என்பது மையைக் காப்பாற்றும் வரி. கோட்டின் மேல் மை விழுந்த இடம் கோட்டைவிடக் கருமையாக இருக்கும், அந்தப் பிக்சல்களைக் கோடு என்று எண்ணாதே என்று இந்த வரி சொல்கிறது. கலர் பிக்கரால் கோட்டின் எண்ணையும் மையின் எண்ணையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைப் போடுங்கள். கோடு 170, மை 60 என்றால் 110 சரி. வெளிர் மை 110 என்றால் 140 போடுங்கள். அழிந்த இடம் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தாள் இன்னும் முழு வெள்ளையாகவில்லை என்பதுதான் பொருள். கடைசியில் ஒரு `Levels` கொடுத்தால் மறைந்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடும் மையும் ஒன்றே என்பதால் அந்த வரி பயன்படாது. அதை எடுத்துவிடுங்கள். எழுத்து கோட்டைத் தாண்டும் இடமெல்லாம் 4 முதல் 6 பிக்சல் வெட்டு விழும். வெட்டைச் செங்குத்தாக ஒட்ட, கடைசி வரிக்கு முன்னால் இதைச் சேர்க்கலாம்:

```python
g = cv2.morphologyEx(g, cv2.MORPH_OPEN, np.ones((7, 1), np.uint8))
```

7 என்பது வெட்டைவிடச் சற்று அதிகமாக இருந்தால் போதும். அதிகம் ஏற்றினால் ‘கி’யின் சுழி அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டின் மேல் படுத்திருந்த அடிக்கோடுகள் இந்த ஒட்டலில் திரும்பி வராது. மேலும் கீழும் மை இருந்தால்தான் நடுவே ஒட்டும், ட-வின் அடிக்குக் கீழே எதுவும் இல்லை.

## புள்ளிகள் காணவில்லை

க் எல்லாம் க ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் காரணம் ஒன்றுதான், தூசு நீக்கும் ஃபில்டர். `Despeckle` போன்றவை ஆங்கில எழுத்தில் ஐ-யின் மேலுள்ள புள்ளியை விழுங்கினாலும் வாசகம் புரியும். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

ஃபில்டரை அணைத்துவிட்டு, தூசைப் பரப்பளவு பார்த்து நீக்குங்கள். 300 டிபிஐயில் பேனாப் புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவில் இருந்தால் அது 6 பிக்சல் அகலம், ஏறத்தாழ 28 பிக்சல் பரப்பு. ஸ்கேனர் தூசு பெரும்பாலும் ஒன்றிரண்டு பிக்சல். 8-க்குக் குறைந்ததை மட்டும் எடுத்தால் புள்ளி தப்பிக்கும். 150 டிபிஐ ஸ்கேனில் அதே புள்ளி 7 பிக்சல் பரப்புக்குச் சுருங்கித் தூசோடு கலந்துவிடும். அங்கே எந்த எண்ணும் உதவாது, மறுபடி 300-இல் ஸ்கேன் செய்யுங்கள்.

## கோடு துண்டுதுண்டாக மிஞ்சுகிறது

பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் 80 பிக்சல் தூரத்தில் கோடு 1.4 பிக்சல் இறங்கும். கோடே 3, 4 பிக்சல் தடிமன் என்பதால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். `L` 200 ஆனால் 3.5 பிக்சல் இறங்கும், நிரல் கோட்டைக் கோடாகவே பார்க்காது. ஆகவே எதற்கும் முன்னால் நேராக்குங்கள்:

```
magick flat.png -deskew 40% +repage straight.png
```

நேராக்கியும் தையல் பக்கம் மட்டும் துண்டுகள் மிஞ்சினால் தாள் வளைந்திருக்கிறது. `L`-ஐக் குறைக்காதீர்கள். படத்தைச் செங்குத்தாக இரண்டு மூன்று பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே நேராக்கி நிரலை ஓட்டுங்கள். வளைவு அதிகம் என்றால் ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருளின் வளைவு நீக்கும் வசதியை முதலில் பயன்படுத்துங்கள். கோடுகளையே அது அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நமக்கு வேண்டாத கோடு அங்கே மட்டும் வேண்டியதாகிறது.

அச்சிலேயே கோடு விட்டுவிட்டு விழுந்த மலிவான நோட்டு என்றால், `L` வரிக்கு முன்னால் `bw`-ஐக் கிடையாக 15 பிக்சல் மூடிவிடுங்கள்:

```python
bw = cv2.morphologyEx(bw, cv2.MORPH_CLOSE, np.ones((1, 15), np.uint8))
```

## ஒரு கடினமான பக்கம், முழுதாக

கர்நாடக சங்கீத வர்ணங்களை ஸ்வரப்படுத்தி எழுதிய ஒரு நோட்டின் PDF வந்தது. நோட்டு வெளிநாட்டில், ஃபோன் ஆப்பில் எடுத்த கறுப்பு வெள்ளை நகல் மட்டும் இங்கே. மாணவர்களுக்குப் பிரதி எடுக்கக் கோடில்லாமல் வேண்டும் என்றார் பாட்டு டீச்சர்.

ஸ்வரம் எழுதும் முறை தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் ஒரு கிடைக்கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு. அதாவது நாம் அழிக்கத் தேடும் இரண்டும், கிடைக்கோடும் சிறு பொட்டும், இந்தப் பக்கத்தில் சங்கீதத்தின் பொருளைத் தாங்கி நிற்கின்றன.

முதலில் PDF-ஐத் திரையிலிருந்து படம் பிடிக்காமல், உள்ளே இருக்கும் படத்தையே உருவினேன்:

```
pdfimages -png varnam.pdf page
```

300 டிபிஐ இருந்தது, நல்ல காலம். `L` 80 வைத்து ஓட்டியபோது நோட்டுக் கோட்டோடு காலக் கோடுகளும் சுத்தமாகப் போய்விட்டன. பக்கத்தில் இருந்த மிக நீளமான காலக் கோடு இரண்டரை சென்டிமீட்டர், அதாவது 295 பிக்சல். நோட்டுக் கோடோ பக்கம் முழுதும் ஓடுகிறது. ஆகவே `L` 400. ஆனால் அவ்வளவு நீளத்துக்குக் கால் டிகிரி சாய்வுகூட ஏறத்தாழ 1.7 பிக்சல் இறக்கம், அதனால் நேராக்குவது இங்கே கட்டாயம். தையல் பக்க வளைவுக்காகப் பக்கத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே நேராக்கினேன். அச்சு விட்ட இடங்களுக்குக் கிடையாக 15 மூடினேன். இந்த மூடலைச் செய்தபோது ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு காலக் கோடுகளுக்கு இடையே 15 பிக்சலுக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அவை ஒட்டி 400-ஐத் தாண்டி, நோட்டுக் கோடாகக் கருதப்பட்டுவிடும். அப்படிப் போனவை ஒரு வரியில் இருந்தன. அவை எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். நோட்டுக் கோடுகள் சம இடைவெளியில் வரும், நடுவில் ஏதாவது அழிந்திருந்தால் அது எழுதியவர் போட்டது.

கோடு போனபின் செங்குத்தாக 7 ஒட்டினேன். ஸ, ரி, க, ம எல்லாம் படிக்கும்படி வந்தன. ப-வின் அடிகள் பல இடத்தில் இல்லை, கோட்டின் மேலேயே எழுதியிருந்தார்கள். கீழ் ஸ்தாயிப் புள்ளிகளில் கோட்டின் மேல் விழுந்தவையும் போய்விட்டன. கோடும் மையும் ஒரே கறுப்பாக இருக்கும்போது இதற்கு மென்பொருள் வழி கிடையாது.

அங்கேதான் முதல் ஸ்கேன் உதவியது. நேராக்கிய, ஆனால் கோடு எடுக்காத படத்தைக் கிம்ப்பில் கீழ் லேயராகவும், சுத்தம் செய்ததை மேல் லேயராகவும் வைத்து, மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டேன். மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் தொட்ட இடத்தில் கீழே உள்ள மூலம் எட்டிப்பார்க்கும். ப-வின் அடி வேண்டிய இடத்தில் அந்த அகலத்துக்கு மட்டும் தொட்டால், நோட்டுக் கோட்டின் ஒரு துண்டே ப-வின் அடியாக நின்றுவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. புள்ளிகளுக்கும் இதே வழிதான், கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி புடைத்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தொட வேண்டும்.

## எப்போது வேறொருவரிடம் கொடுப்பது

இரண்டு எண்களையும் நான்கைந்து முறை மாற்றிப் பார்த்தும் பக்கத்துக்குப் பத்து இடத்துக்கு மேல் கையால் திருத்த வேண்டியிருந்தால், பக்கங்களும் ஐம்பதைத் தாண்டினால், உங்கள் நேரம் வீண். நோட்டு கையில் இருந்தால், தலைக்கு மேலிருந்து படமெடுக்கும் புத்தக ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கலரில் 400 டிபிஐ எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல ஸ்கேனுக்குக் கொடுக்கும் காசு, திருத்துகிறவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கோட்டின் நிறத்தை ஸ்கேன் செய்யும்போதே விட்டுவிடும் வசதி சில டாக்குமென்ட் ஸ்கேனர்களில் உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்காதீர்கள். விட்டது திரும்ப வராது, முழுக் கலர்தான் வேண்டும்.

தாள் தொட்டால் பொடிகிறது, ஈரத்தில் பக்கங்கள் ஒட்டியிருக்கின்றன, பூஞ்சை வாசம் வருகிறது என்றால் ஸ்கேனர் மூடியை அதன்மேல் அழுத்தாதீர்கள், தையலையும் பிரிக்காதீர்கள். அது பழைய தாள்களைப் பாதுகாக்கும் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டியது. பத்திரம், உயில், கையெழுத்திட்ட கணக்கு போன்றவற்றில் கோடு எடுக்கும் வேலையே வேண்டாம். திருத்திய படம் என்று ஆகிவிட்டால் அதை ஆதாரமாகக் காட்ட முடியாமல் போகலாம்.

ஸ்வர நோட்டில் கடைசிக் கட்டம் எங்களிடம் முடியவில்லை. ஒரு நி-க்குப் பின்னால் வரும் ஸ-வுக்கு மேல் புள்ளி இருந்ததா, அது தூசா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத இடங்கள் மிஞ்சின. அவற்றைச் சிவப்பு வட்டமிட்டு அச்செடுத்து டீச்சரிடம் கொடுத்தோம். அவர் வர்ணத்தைப் பாடிக்கொண்டே பென்சிலால் குறித்துத் தந்தார், அதன்படி புள்ளிகளைப் போட்டோம்.